செஞ்சி எப்படி விழுந்தது? எட்டாண்டு முற்றுகையின் முடிவு பற்றிய கருத்துகளும் சான்றுகளும்

கேள்வியும் அதன் பின்புலமும்

1690 செப்டம்பரில் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் செஞ்சிக் கோட்டையின் முன் வந்து கூடாரம் அடித்தார். 1698-ன் தொடக்கத்தில் கோட்டை அவர் கைக்கு வந்தது. இடையில் ஓடியவை ஏழு ஆண்டுகளும் சில மாதங்களும். எட்டாண்டு முற்றுகை என்றே வரலாற்றில் அது பெயர் பெற்றுவிட்டது. அந்த முற்றுகை எப்படி முடிந்தது என்ற கேள்விக்கு மட்டும் முந்நூறு ஆண்டுகளாக ஒரே விடை கிடைக்கவில்லை. உள்ளிருந்தவர்கள் சோறின்றிப் பணிந்தார்களா? இரு தரப்பும் திரைமறைவில் பேசி முடித்துக்கொண்டார்களா? மதில் ஏறிப் போரிட்டுத்தான் கோட்டை பிடிபட்டதா?

பின்னணி சுருக்கமானது. 1689 மார்ச்சில் சிவாஜியின் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொல்வித்தார். இளையவர் ராஜாராம் ராய்கட் கோட்டையிலிருந்து தப்பித் தெற்கே வந்து, அவ்வாண்டு இறுதியில் செஞ்சியை அடைந்தார். 1677-இல் சிவாஜி கைப்பற்றிப் பலப்படுத்திய கோட்டை அது. ராஜாராம் வந்ததும் செஞ்சியே மராட்டிய அரசின் தலைநகரமாயிற்று. ராய்கட்டைப் பிடித்துப் புகழ்பெற்ற ஜுல்பிகர் கானைப் பேரரசர் இங்கே அனுப்பியதற்கு அதுவே காரணம்.

இந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளை நான்காகப் பிரிக்கலாம். பசி, உடன்பாடு, இறுதித் தாக்குதல் ஆகிய மூன்றும் கோட்டையைச் சுற்றி நடந்தவற்றைக் கொண்டு முடிவை விளக்குகின்றன. நான்காவது விடை கோட்டைக்கு வெளியே, தக்காணம் முழுவதும் நடந்த போரில் காரணத்தைத் தேடுகிறது. ஒவ்வொன்றும் எந்தச் சான்றின்மேல் நிற்கிறது, எங்கே தளர்கிறது என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

மதிலும் மலையும்

விடைகளை எடைபோடச் செஞ்சியின் அமைப்பு தெரிந்திருக்க வேண்டும். மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று குன்றுகள். ஒவ்வொன்றும் தனித்தனிக் கோட்டை. மூன்றையும் கனத்த மதில் ஒன்று இணைக்கிறது. ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் சுற்றுள்ள அந்த முக்கோணத்துக்குள் கோயில்களும் களஞ்சியங்களும் குளங்களும் குடியிருப்புகளும் இருந்தன. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த பிமெந்தா என்ற ஏசுசபைப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்டவற்றில் மிகப் பெரிய நகரம் இதுவே என்று எழுதினார். மதிலால் காக்கப்பட்ட ஒரு நகரமாகவே செஞ்சியை அவர் கண்டார்.

மூன்றிலும் உயர்ந்தது ராஜகிரி. சமவெளியிலிருந்து சுமார் 240 மீட்டர் எழும் பாறை. உச்சிக்குப் போகும் ஒரே வழியில் இயற்கையான பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதைக் கடக்க மரப்பாலம் போட்டிருந்தார்கள். பாலத்தை இழுத்துக்கொண்டால் சிறு காவற்படையே பெரிய சேனையைத் தடுத்துவிடலாம். உச்சியில் தண்ணீரும் தானியக் களஞ்சியமும் இருந்தன.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. கீழ்க்கோட்டையை இழந்தாலும் ராஜகிரியில் நீண்ட நாள் தாக்குப்பிடிக்க முடியும். மேலும், குன்றும் காடும் நிறைந்த அந்த நீண்ட சுற்றளவை முழுவதும் வளைத்துக்கொள்ள ஜுல்பிகர் கானிடம் இருந்த படை போதவில்லை. வாயில்கள் சில அடைபட்டன, சில திறந்தே கிடந்தன. முற்றுகை என்ற பெயர் இருந்தாலும் உள்ளே ஆளும் கடிதமும் தானியமும் போய்வந்துகொண்டே இருந்தன. பசி பற்றிய விடையை எடுத்துக்கொள்ளும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பசி: வாடியது யார்?

நீண்ட முற்றுகை என்றதும் உள்ளிருப்போர் பட்டினியால் பணிந்தார்கள் என்று எண்ணுவது இயல்பு. 1761 ஜனவரியில் புதுச்சேரி அப்படித்தான் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. செஞ்சியில் கிடைக்கும் சான்றுகள் வேறு திசையைக் காட்டுகின்றன. இங்கே பசியின் முழு வேகமும் முற்றுகையிட்டவர்களைத் தாக்கியது.

1692-ஆம் ஆண்டின் இறுதி இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே ஜுல்பிகரின் தந்தையும் பேரரசின் தலைமை அமைச்சருமான அசத் கானும், ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம் பக்ஷும் செஞ்சிப் பாசறைக்கு வந்துவிட்டார்கள். 1692 டிசம்பரில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் என்ற இரு மராட்டியத் தலைவர்கள் பெரும் குதிரைப்படையோடு கர்நாடகத்துள் இறங்கினார்கள். காஞ்சிபுரத்தின் மொகலாய அதிகாரி அலி மர்தான் கானைச் சந்தாஜி சிறைபிடித்தார். செஞ்சியின் ஒரு பக்கத்தில் காவல் இருந்த இஸ்மாயில் கான் தனாஜியிடம் அகப்பட்டார். தானியம் வரும் பாதைகள் அறுந்தன. முற்றுகையிட வந்த படையே முற்றுகைக்குள் சிக்கிக்கொண்டது.

பாசறையில் தானியம் தீர்ந்தது. ஜுல்பிகர் கானே வடக்கே வந்தவாசிக்குப் போய்த் தானியம் கொண்டுவர வேண்டியதாயிற்று. திரும்பும் வழியில் தேசூரருகே சந்தாஜியின் படை அவரை மறித்தது. புந்தேலர் தலைவர் தல்பத் ராவின் வீரத்தால்தான் அவர் தப்பினார் என்று, தல்பத் ராவிடம் எழுத்தராக இருந்த பீம்சேன் தம் பாரசீக நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். கொண்டுவந்த தானியம் போதவில்லை. முடிவில் அசத் கான் ராஜாராமோடு பேசி, தடையின்றிப் பின்வாங்க வழி கேட்டார். 1693 ஜனவரியில் மொகலாயப் படை வந்தவாசிக்கு ஒதுங்கியது. தூக்கிச்செல்ல முடியாத பெரும் பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்துவிட்டே போனார்கள்.

ஆக, பசி ஒரு பேச்சுவார்த்தையை வரவழைத்தது உண்மை. ஆனால் அது மொகலாயர் விலகுவதற்கான பேச்சுவார்த்தை. 1697-98-ல் கோட்டைக்குள் நெருக்கடி இருந்திருக்கலாம், நீண்ட போர் நாட்டையும் வற்றச் செய்திருந்தது. ஆனாலும் இறுதி நாட்களைச் சொல்லும் முதன்மைக் குறிப்புகள் உணவின்மையை வீழ்ச்சிக்குக் காரணமாக முன்வைப்பதில்லை. கோட்டையில் பெரும் பொருள் கிடைத்தது என்றே அவை சொல்கின்றன. பட்டினிக் கருத்து, பொதுவான முற்றுகைக் கதையைச் செஞ்சியின்மேல் ஏற்றிப் பார்த்ததன் விளைவு என்று தோன்றுகிறது.

உடன்பாடு: ஜுல்பிகர் கான் உடந்தையா?

அதிகம் பேசப்பட்டது இரண்டாவது விடை. ஜுல்பிகர் கானுக்குக் கோட்டையைப் பிடிக்கும் எண்ணமே இல்லை. ராஜாராமோடு உள்ளூர உடன்பாடு வைத்துப் போரை இழுத்தடித்தார். இனி இழுக்க முடியாது என்றானபோது அவரைத் தப்பவிட்டுக் கோட்டையை எடுத்துக்கொண்டார். இதுவே அக்கருத்தின் சாரம்.

இதன் வேர்கள் சமகாலத்திலேயே உள்ளன. தளபதி விரும்பியிருந்தால் கோட்டையை வெகு விரைவில் பிடித்திருக்கலாம் என்பது பீம்சேனின் முடிவு. போர் நீடிக்கும்வரை படையும் பதவியும் வருமானமும் நீடிக்கும், முடிந்துவிட்டால் பேரரசர் இதைவிடக் கடினமான களத்துக்கு அனுப்பிவிடுவார் என்பது அவர் காட்டும் காரணம். சென்னையில் வாழ்ந்த வெனிஸ் நாட்டவர் மனூச்சியும் தம் நூலில் ஜுல்பிகரின் நேர்மையை ஐயுறுகிறார். பாளையக்காரர் மரபிலும் இந்த ஐயம் பதிந்துள்ளது. மொகலாயரோடு சேர்ந்து போரிட்ட யாசம நாயக்கர் தளபதியின் உடந்தையைப் பேரரசருக்கு எழுதினார் என்றும், அதன் விளைவாகவே உயிரிழந்தார் என்றும் அந்த மரபு சொல்கிறது.

மராட்டிய பகர்கள் வேறு வழியாக இதே இடத்துக்கு வருகின்றன. அவற்றின்படி மொகலாயப் பாசறையில் இருந்த மராட்டியர் கணோஜி சிர்கே ராஜாராம் தப்பிச்செல்ல உதவினார். கைம்மாறாக, ராஜாராமின் செயலர் கண்டோ பல்லாள் தாபோளிலிருந்த தம் பரம்பரை வதன் உரிமையை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

நவீன ஆய்வில் ஜதுநாத் சர்க்கார் தம் ஔரங்கசீப் வரலாற்றின் ஐந்தாம் தொகுதியிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சி.எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் வெளிவந்த செஞ்சி வரலாற்றிலும் பாரசீக, மராட்டிய, ஐரோப்பியச் சான்றுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தார்கள். உடந்தைக் கருத்துக்கு இன்று இருக்கும் மதிப்பு பெரிதும் இவ்விருவர் தொகுத்த சான்றுகளால் வந்தது. வயது முதிர்ந்த ஔரங்கசீப் இறந்தால் அரியணைப் போர் மூளும் என்பதை எல்லாத் தளபதிகளும் எதிர்பார்த்தார்கள். அந்த நாளுக்காக ஜுல்பிகர் தெற்கில் தமக்கு நட்பும் பிடிப்பும் தேடினார் என்ற அரசியல் விளக்கமும் இதனோடு சேர்கிறது.

இக்கருத்தின் பலவீனங்களும் சிறியவை அல்ல. பீம்சேன் நேரில் கண்டவர் என்றாலும், தம் தலைவர் தல்பத் ராவின் புகழைக் காப்பது அவருக்குக் கடமை. தளபதி தயங்கினார் என்று சொல்லச் சொல்ல, புந்தேலர் தலைவரின் துணிச்சல் உயர்ந்து தெரியும். மனூச்சி பாசறைப் பேச்சையும் வதந்தியையும் பிரிக்காமல் எழுதும் பழக்கமுடையவர். பகர்களில் சில, நிகழ்ச்சிக்கு நூறாண்டுக்குப் பின் எழுதப்பட்டவை. வதன் உரிமையைக் கேட்ட குடும்பங்களுக்கு இத்தகைய கதை பயனுள்ளதும்கூட.

தாமதத்துக்கு எளிய காரணங்களும் உண்டு. 1692-93-ன் தோல்வி சதியால் வந்ததன்று. அப்போது உண்மையில் எதிரியோடு கள்ளத்தொடர்பு வைத்திருந்தவர் காம் பக்ஷ். பேரரசர் இறந்துவிட்டார் என்ற வதந்தி பரவியபோது, அசத் கானும் ஜுல்பிகரும் தம்மை என்ன செய்வார்களோ என்று அஞ்சி, ராஜாராமிடம் தஞ்சம் புக அந்த இளவரசர் ஏற்பாடு செய்தார். அதைக் கண்டுபிடித்து, பேரரசரின் மகன் என்றும் பாராமல் அவரைக் காவலில் வைத்தவர்கள் அந்தத் தந்தையும் மகனுமே. பேரரசுக்கு எதிராகச் சதி செய்பவர்கள் அத்தகைய ஆபத்தை ஏற்றிருப்பார்களா என்பது நியாயமான கேள்வி.

இறுதித் தாக்குதல்: மதில் ஏறியவர்கள்

மொகலாய அரசின் அதிகாரப் பதிவுகளுக்கு இதில் ஐயமே இல்லை. கோட்டை வாளால் பிடிபட்டது, வெற்றி ஜுல்பிகருடையது. நுஸ்ரத் ஜங் என்ற அவரது பட்டத்தை ஒட்டிக் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயரும் சூட்டப்பட்டது. வெற்றியைப் பறைசாற்றுவதே அத்தகைய பதிவுகளின் நோக்கம் என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் தாக்குதல் நடந்தது என்பதைப் பீம்சேனின் விவரிப்பும் உறுதி செய்கிறது.

1697 நவம்பரில் முற்றுகை உண்மையான வேகத்தோடு மீண்டும் தொடங்கியது. ஜுல்பிகர் வடக்கு வாயிலை எதிர்கொண்டு நின்றார். தெற்கே சற்றுத் தள்ளியிருந்த சக்கிலிதுர்க்கத்தைத் தாவூத் கான் பன்னி அகழிகள் தோண்டிக் காத்திராமல் நேரடியாகப் பாய்ந்து பிடித்தார். இதற்குப் பின்னும் ஜுல்பிகர் அவசரப்படவில்லை. இரண்டு மாதங்கள் வரை கடந்தன. அந்த இடைவெளியில் ராஜாராம் குடும்பத்தைக் கோட்டையிலேயே விட்டு, தம் முக்கிய அதிகாரிகளோடு வேலூருக்குத் தப்பினார்.

அதன் பிறகே மதில் ஏறும் ஆணை பிறந்தது. தல்பத் ராவின் புந்தேலர்கள் கிருஷ்ணகிரியின் மதிலில் ஏறிக் கடும் சண்டைக்குப் பின் வெளிக்கோட்டையைப் பிடித்தார்கள். பின்வாங்கிய காவலர்கள் உட்கோட்டைக்குள் ஓட, துரத்தியவர்களும் அவர்களோடு கலந்தே உள்ளே புகுந்தார்கள். அதே வேளையில் தாவூத் கான் சந்திரகிரிப் பக்கமாக நுழைந்து கீழ் நகரத்தின் ஊடே முன்னேறினார். எஞ்சியவர்கள் ராஜகிரிக்கு ஏறினார்கள்.

இந்த இடத்தில் தாக்குதல் நிற்கிறது. தமிழ்நாட்டின் மிக வலிய பாறைகளில் ஒன்றான ராஜகிரியை யாரும் மதில் ஏறிப் பிடிக்கவில்லை. அங்கிருந்த ராஜாராமின் குடும்பத்தார் பாதுகாப்பு உறுதி கேட்டுப் பணிந்தார்கள். பல்லக்குகள் அனுப்பப்பட்டன. மானத்துக்கு அஞ்சி மனைவியருள் ஒருவர் பாறையிலிருந்து குதித்து உயிர்விட்டார் என்றும் குறிப்பு உண்டு. ஆக, தாக்குதல் என்ற விடை கீழ்க்கோட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் பொருந்தும். ராஜகிரிக்குப் பொருந்துவது நிபந்தனையோடு பணிந்தார்கள் என்ற விடையே. தண்ணீரும் தானியமும் இருந்த பாறை அத்தனை விரைவாகப் பணிந்ததற்கு, அங்கே நின்று போரிடச் சொல்ல அரசரும் இல்லை, காக்க வேண்டிய காரணமும் மீதமில்லை என்பதே பொருத்தமான விளக்கம்.

கோட்டைக்கு வெளியே

நான்காவது விடை, கேள்வியின் கோணத்தை மாற்றுகிறது. செஞ்சி எட்டாண்டுகள் நின்றதற்கு மதில் மட்டும் காரணமல்ல. முற்றுகையிடும் படையின் முதுகுக்குப் பின்னால் வெட்டவெளியில் ஒரு மராட்டியக் குதிரைப்படை திரிந்துகொண்டிருந்ததே முதன்மைக் காரணம். 1692-இல் அதைப் பார்த்தோம். 1695 இறுதியில் தொட்டேரி என்ற இடத்தில் மொகலாயத் தளபதி காசிம் கானின் பெரும்படையைச் சந்தாஜி சூழ்ந்து அழித்தார். அடுத்த சில வாரங்களில் ஹிம்மத் கான் என்ற மற்றொரு தளபதியும் அவரோடு நடந்த போரில் இறந்தார். அப்படிப்பட்டவர் களத்தில் இருக்கும்வரை எந்த முற்றுகையும் பாதுகாப்பானதாக இருக்க முடியாது.

அந்த ஆற்றல் உள்ளிருந்தே உடைந்தது. சந்தாஜிக்கும் தனாஜிக்கும் பகை மூண்டது. ராஜாராம் தனாஜியின் பக்கம் சாய்ந்தார். 1697-இல் சந்தாஜி கொல்லப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் செஞ்சி முற்றுகை தீவிரமடைந்தது. காலவரிசையில் இவ்விரண்டும் அடுத்தடுத்து அமைந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம். வெளியிலிருந்து மீட்க வரும் படை இனி இல்லை என்றானபோது, கோட்டையில் தங்குவதால் ராஜாராமுக்கு ஆபத்து மட்டுமே மிச்சம். மராட்டிய நாட்டிலோ அவருக்கு வேலை காத்திருந்தது.

இவ்விளக்கம் வலுவானது, ஆனால் முழுமையானதன்று. முற்றுகை ஏன் அந்த மாதத்தில் இறுகியது என்பதை அது சொல்கிறது. சக்கிலிதுர்க்கம் விழுந்த பின்னும் ஏன் தாமதம், அந்த இடைவெளியில் ராஜாராம் எப்படி வெளியேறினார் என்பவற்றை அது சொல்லவில்லை. அவற்றுக்கு மீண்டும் உடன்பாட்டுக் கருத்திடமே போக வேண்டியிருக்கிறது.

மதிப்பீடும் எஞ்சும் கேள்விகளும்

சான்றுகளை ஒருங்கே வைத்துப் பார்த்தால் சில முடிவுகளை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். செஞ்சியைப் பசி வீழ்த்தவில்லை. முற்றுகைக் காலம் முழுவதும் இரு தரப்புக்கும் பேச்சுத் தொடர்பு இருந்தது. இறுதித் தாக்குதலும் மெய்யான சண்டைதான், ஆனால் அரசர் வெளியேறிய கோட்டையின்மேல் நடந்த சண்டை. கடைசிப் பாறை பேசியே பணிந்தது. இவை அனைத்துக்கும் இடம் கொடுத்தது சந்தாஜியின் மறைவால் வெளிக்களத்தில் ஏற்பட்ட வெற்றிடம். பசியா, பேச்சா, தாக்குதலா என்று ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் செஞ்சியின் முடிவு எதிலும் அடங்காது.

உறுதியாகச் சொல்ல முடியாதவை மூன்று. முதலாவது, முற்றுகையின் கடைசி நாள். 1698 ஜனவரி என்பாரும் பிப்ரவரி என்பாரும் உண்டு. ராஜாராம் வெளியேறியதற்கும் மதில் ஏறியதற்கும் இடையே எவ்வளவு காலம் கடந்தது என்பது இதைப் பொறுத்தே அமையும். இடைவெளி சில நாட்களே என்றால் அது ஏற்பாடு செய்யப்பட்ட முடிவுபோலத் தோன்றும். சில வாரங்கள் என்றால், அரசர் போனது தெரிந்தபின் நடந்த வழக்கமான தாக்குதல் என்றும் கொள்ளலாம்.

இரண்டாவது, குடும்பத்தின் கதை. தப்பிச்சென்றது பேசிவைத்த ஏற்பாடு என்றால், மனைவியரையும் பிள்ளைகளையும் ஏன் விட்டுச்செல்ல வேண்டும்? இது உடந்தைக் கருத்துக்கு எதிரான வலுவான கேள்வி. ஆனால் 1700-இல் ராஜாராம் இறந்ததும் மராட்டிய அரசை ஏற்று நடத்தியவர் அவர் மனைவி தாராபாய், தம் சிறு மகனை அரியணையில் அமர்த்தி. செஞ்சியில் பிடிபட்ட குடும்பத்தில் அவரும் இருந்தார் என்றால், இரண்டே ஆண்டுகளுக்குள் அவர் விடுதலையானது எப்படி? ஜுல்பிகர் மரியாதையோடு அனுப்பிவைத்தார் என்ற மராட்டிய மரபை ஏற்றால் உடன்பாட்டுக் கருத்து மீண்டும் உயிர்பெறுகிறது. அதை மறுப்பவர்கள் வேறு விளக்கம் தர வேண்டும்.

மூன்றாவது, தளபதியின் மனம். ஜுல்பிகர் கானின் தாமதம் துரோகமா, எச்சரிக்கையா, ஊதியம் நீடிக்கட்டும் என்ற கணக்கா என்பதை அவரே எழுதிய சான்று இல்லாமல் தீர்மானிக்க இயலாது. ஒன்றை மட்டும் மறுக்க முடியாது: பேரரசர் விரும்பியது ராஜாராமை, கிடைத்ததோ கற்கோட்டை. வேலூர் வழியே நாடு திரும்பிய ராஜாராம் போரைத் தொடர்ந்தார், அவருக்குப்பின் தாராபாய் தொடர்ந்தார். எட்டாண்டுகள் ஒரு படையை ஒரே இடத்தில் கட்டிப்போட்டதால் செஞ்சி மராட்டியருக்கு வேண்டிய காலத்தைத் தந்துவிட்டது. முற்றுகை எப்படி முடிந்தது என்ற கேள்வி திறந்தே இருந்தாலும், அது எதைச் சாதித்தது என்ற கேள்விக்கு மராட்டியர் பக்கமே விடை சாய்கிறது.